இணக்கத்தின் செலவு யார் கணக்கில்?

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் எந்த இளைஞரைக் கேட்டாலும் இந்த வரிசையை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார். 1951இல் சம்பகம் துரைராஜன் வழக்கு: அடிப்படை உரிமைகளே மேல், வழிகாட்டு நெறிமுறைகள் அவற்றுக்குக் கீழ். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கு: இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கு: இரண்டுக்கும் இடையிலான சமநிலையே அரசமைப்பின் அடித்தளம், அவை ஒரு தேரின் இரு சக்கரங்கள். நான்கு விடைகளில் சரியானதைக் கண்டுபிடிக்க இது போதும். தேருக்கு வடம் பிடிப்பவர் யார், அவர் கைவிட்டால் என்ன ஆகும் என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய இடம் அதுதான். ஓர் உரிமையையும் ஒரு நெறிமுறையையும் நீதிமன்றம் இணக்கப்படுத்தும்போது, அந்த இணக்கத்துக்கு ஒரு செலவு உண்டு. அதை அரசுக் கருவூலமோ ஒரு தனியார் நிறுவனமோ ஒரு குடும்பமோ ஏற்றாக வேண்டும். தீர்ப்புகளை இந்தக் கண்ணோடு படித்தால், வழக்குகளின் வரிசை வேறு மாதிரித் தெரியும். எல்லா நெறிமுறைகளையும் தொட்டுச் செல்லாமல் கல்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு நெறிமுறை எழுத்தில் பிறந்து, நீதிமன்றத்தில் வளர்ந்து, கடைசியில் நம் தெருவில் ஒரு எல்.கே.ஜி. இடமாக வந்து நிற்பதை முழுதாகத் தொடர்ந்து பார்க்க முடிவது அதில்தான்.

அரசமைப்பின் மூன்றாம் பாகத்தில் இருப்பவை அடிப்படை உரிமைகள். அவற்றுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13ஆம் பிரிவு. நான்காம் பாகத்தில் இருப்பவை வழிகாட்டு நெறிமுறைகள். அயர்லாந்தின் அரசமைப்பைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. இவற்றைப் பற்றி 37ஆம் பிரிவு இரண்டு செய்திகளை ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. எந்த நீதிமன்றமும் இவற்றை நிறைவேற்றச் சொல்ல முடியாது. ஆனாலும் நாட்டின் ஆட்சிக்கு இவையே அடிப்படை, சட்டம் இயற்றும்போது இவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை. முதல் பாதியை மட்டும் படித்தவர்கள் நெறிமுறைகளை நல்லெண்ணப் பட்டியல் என்றார்கள். இரண்டாம் பாதியை மட்டும் படித்தவர்கள் உரிமைகளைத் தடைக்கற்கள் என்றார்கள். எழுபது ஆண்டுத் தீர்ப்புகளும் இந்த ஒரு வாக்கியத்தின் இரு பாதிகளையும் சேர்த்துப் படிக்க நடந்த முயற்சிதான்.

நான்காம் பாகத்தில் காலக்கெடு வைத்து எழுதப்பட்ட பிரிவு ஒன்றே ஒன்று: 45. பதினான்கு வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர, அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பத்து ஆண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்றது அது. அந்தக் கெடு 1960 ஜனவரியில் முடிந்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு நீதிபதி இதைக் கையில் எடுப்பார்.

முதல் மோதல் நம் சென்னை மாகாணத்தில்தான் நடந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் பதினான்கு இடங்களை ஒரு சுற்றாக வைத்து, பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, அரிசனங்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தது வகுப்புவாரி அரசாணை. சம்பகம் துரைராஜனும் சீனிவாசன் என்ற மாணவரும் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சம்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. இன்றைய நீதிமன்றம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கக்கூடும். அன்று அந்த வழக்கே வரலாறாயிற்று.

அரசு 46ஆம் பிரிவைக் காட்டியது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைச் சிறப்புக் கவனத்தோடு வளர்ப்பது அரசின் கடமை என்று நெறிமுறை சொல்கிறதே, அதைத்தான் செய்கிறோம் என்பது வாதம். 1951 ஏப்ரலில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதை ஏற்கவில்லை. சாதி, மதம் என்ற காரணத்தால் மட்டும் ஒருவருக்குக் கல்லூரி இடத்தை மறுக்கக் கூடாது என்கிறது 29(2). அது அடிப்படை உரிமை. நெறிமுறைகள் உரிமைகளுக்கு உட்பட்டே ஓட வேண்டும் என்று எழுதினார் நீதிபதி எஸ்.ஆர்.தாஸ். அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு தர 16(4) இருந்தது. கல்விக்கு அப்படி ஒரு விதிவிலக்கு எழுதப்படவில்லை. எழுதாததை நாங்கள் எழுத முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் வேகத்தில், இரண்டே மாதங்களில் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தின் வழியே 15(4)ஐச் சேர்த்தது. நீதிமன்றம் தோற்றது, மக்கள் வென்றார்கள் என்று இதைச் சொல்வது நம்மிடையே வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நெறிமுறையை நிறைவேற்ற வேண்டுமானால் அதற்கு உரிமைப் பகுதியிலேயே இடம் செய்யுங்கள், அதை வெளிப்படையாக விவாதித்துச் செய்யுங்கள் என்று நீதிமன்றம் பொறுப்பை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தது. நாடாளுமன்றம் அதை ஏற்றுச் செய்தது. இரு தரப்பும் தத்தம் வேலையைச் செய்த நிகழ்வு அது.

அதே எஸ்.ஆர்.தாஸ் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு தலைமை நீதிபதியாக இருந்தபோது இன்னொரு கல்வி வழக்கு வந்தது. தேர்வுப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த வழக்கில்தான் இணக்கம் என்ற வேலை எப்படி நடக்கிறது என்பதை அருகில் இருந்து பார்க்கலாம். கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான அரசு 1957இல் ஒரு கல்வி மசோதாவை நிறைவேற்றியது. ஆசிரியர்களின் சம்பளம், நியமனம், பள்ளி நிர்வாகம் எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் மசோதா அது. அதன் 20ஆம் உட்பிரிவு, அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் தொடக்க வகுப்புகளில் கல்விக் கட்டணமே வாங்கக் கூடாது என்றது. 45ஆம் பிரிவின் நோக்கத்தை இதைவிட நேராக நிறைவேற்ற முடியாது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். தங்களுக்குப் பிடித்த பள்ளிகளை நிறுவி நடத்தச் சிறுபான்மையினருக்கு உள்ள 30(1) உரிமை இதனால் பறிபோகிறதா என்பது கேள்வி.

1951இல் தான் சொன்ன வாசகத்தையே தாஸ் மீண்டும் சொன்னார். ஆனால் அங்கே நிற்கவில்லை. உரிமைகளின் எல்லையை அளக்கும்போது நெறிமுறைகளை நீதிமன்றம் முற்றிலும் புறக்கணிக்க முடியாது, முடிந்தவரை இரண்டுக்கும் உயிர் கொடுக்கும்படி இணக்கமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சேர்த்தார். அதை எப்படிச் செய்தார் என்பதைக் கவனியுங்கள். இலவசக் கல்வி தருவது அரசின் கடமை என்பதில் அவருக்கு ஐயமில்லை. கட்டணத்தை நிறுத்தினால் பள்ளிக்கு வரும் வருவாய் நிற்கும். அந்த இழப்பை ஈடுகட்ட மசோதாவில் வழியில்லை. வருவாயும் ஈடும் இல்லாமல் சிறுபான்மையினர் பள்ளி நடத்துவது நடைமுறையில் முடியாத காரியம். அங்கீகாரம் வேண்டுமா, கட்டணத்தைக் கைவிடு என்று சொல்வது, பள்ளி நடத்தும் உரிமையைக் கைவிடு என்று சொல்வதற்கே சமம். அரசு தன் சொந்தப் பள்ளிகள் வழியாகவும், உதவி பெறும் பள்ளிகள் வழியாகவும் தன் கடமையை நிறைவேற்றலாம். சிறுபான்மையினரின் செலவில் நிறைவேற்றும்படி 45ஆம் பிரிவு சொல்லவில்லை.

இதில் நெறிமுறை தள்ளப்படவில்லை, உரிமையும் தள்ளப்படவில்லை. செலவுச் சீட்டு மட்டும் அரசின் மேசைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஈடு கொடுக்கும் ஏற்பாடு மசோதாவில் இருந்திருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும். இன்றைய கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள கட்டணத் திருப்பீட்டு விதியின் விதை இந்த 1958 கருத்துரையில் கிடக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

இதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் நிலமும் சொத்தும் பற்றிய பெரும் போர்க்காலம். அதை விரைவாகக் கடக்கலாம். 1971இல் வந்த 31சி, 39ஆம் பிரிவின் (பி), (சி) நெறிமுறைகளுக்காக இயற்றும் சட்டங்களைச் சமத்துவம் போன்ற உரிமைகளின் பேரில் எதிர்க்க முடியாதபடி காப்பு கொடுத்தது. கேசவானந்த பாரதி வழக்கு அந்தக் காப்பை ஏற்றது. ஆனால் சட்டம் உண்மையிலேயே அந்த நோக்கத்துக்கானதா என்று நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்ற பகுதியை வெட்டியது. நெருக்கடி நிலைக் காலத்தின் 42ஆம் திருத்தம் எல்லா நெறிமுறைகளுக்கும் அந்தக் காப்பை விரித்தபோது, மினர்வா மில்ஸ் வழக்கு அந்த விரிவை ரத்து செய்தது. கேசவானந்த பாரதி ஏற்ற அளவுக்கு 31சி இன்றும் உயிரோடு இருக்கிறது என்று 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. அதே தீர்ப்பில், தனியார் சொத்து முழுவதையுமே சமூகத்தின் பொருள் வளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றும் பெரும்பான்மை சொன்னது. நெறிமுறைகளைக் காட்டி உரிமைகளை ஒட்டுமொத்தமாக மூடிவிட முடியாது என்பதே இந்தக் காலம் விட்டுச்சென்ற வரம்பு.

கல்விக்குத் திரும்புவோம். அடுத்த திருப்பம் ஒரு மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தில் தொடங்கியது. கர்நாடகத்தின் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநில மாணவருக்கு 60,000 என்று கட்டணம் வைத்திருந்தார்கள். மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின் இதை எதிர்த்தார். 1992இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு, கல்வி பெறும் உரிமை 21ஆம் பிரிவின் வாழும் உரிமையிலிருந்தே பிறக்கிறது, எல்லா நிலைக் கல்விக்கும் அது பொருந்தும் என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டது. உணர்வுக்கு இனிமையான தீர்ப்பு. ஆனால் எல்லா நிலைக் கல்வியையும் எல்லாருக்கும் தருவதற்கான பணம் யாருடையது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தனியார் கல்லூரிகள் உடனே அடுத்த வழக்கோடு வந்தன.

அந்த உன்னிகிருஷ்ணன் வழக்கில், 1993 பிப்ரவரியில், ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த வீச்சைச் செதுக்கியது. கல்வி உரிமை 21இல் அடங்கியிருக்கிறது, சரி. அதன் அளவை எங்கிருந்து எடுப்பது? நெறிமுறைகளிலிருந்து. 45ஆம் பிரிவு பதினான்கு வயது வரை என்று எல்லை கட்டியிருக்கிறது. ஆகவே அதுவரை இலவசக் கல்வி தட்டாமல் கிடைக்க வேண்டிய உரிமை. அதற்கு மேல், கல்விக்கான உரிமையைத் தன் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 41ஆம் பிரிவு. ஆகவே உயர்கல்வி அந்தத் திறனுக்கு உட்பட்ட உரிமை. உரிமைக்கு வலிமை 21இலிருந்து வந்தது. வடிவமும் வரம்பும் 41, 45இலிருந்து வந்தன. இணக்கமான பொருள்கொள்ளலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

நீதிபதி ஜீவன் ரெட்டி அந்தப் பழைய காலக்கெடுவைக் கையில் எடுத்தது இங்கேதான். நான்காம் பாகத்திலேயே காலவரம்பு கொண்ட ஒரே பிரிவு இது. பத்தாண்டு என்றது நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இதற்கு மேலும் இதை வெறும் முயற்சி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று அவர் கேட்டார். நீதிமன்றத்தால் நிறைவேற்ற முடியாதது என்ற 37ஆம் பிரிவின் முதல் பாதியை அவர் உடைக்கவில்லை. இரண்டாம் பாதியின் கடமையை அரசு நிறைவேற்றாமல் விட்ட ஆண்டுகளை எண்ணிக் காட்டினார். இந்தத் தீர்ப்பு வகுத்த கட்டணத் திட்டத்தை 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கு நீக்கிவிட்டது. பதினான்கு வயது வரையிலான உரிமை நின்றது.

2002 டிசம்பரில் 86ஆம் திருத்தம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி 21ஏ என்ற அடிப்படை உரிமையாயிற்று. ஆறு வயதுக்குக் கீழானவர்களின் பராமரிப்பும் கல்வியும் 45ஆம் பிரிவில் நெறிமுறையாகவே நின்றன. அதே திருத்தம், பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை என்று 51ஏ(கே)யையும் சேர்த்தது. உரிமை, நெறிமுறை, கடமை என்ற மூன்று பாகங்களிலும் ஒரே நாளில் கைவைத்த திருத்தம் இது. பொறுப்பு ஒருவருடையது மட்டுமில்லை என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கடமைகளுக்குள் ஒரு வரிசையும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கட்டாயம் என்பது அரசின் மீதான கட்டாயம் என்று விளக்கம் தருகிறது. பள்ளி அமைப்பதும், சேர்ப்பதும், வரவைப்பதும், முடிக்கவைப்பதும் அரசின் பொறுப்பு. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. ஏழைத் தாயைக் குற்றவாளியாக்கிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாதபடி எழுதப்பட்ட சட்டம் அது.

அந்தச் சட்டத்தில் அதிகம் வழக்காடப்பட்ட விதி 12(1)(சி). அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில், மழலையர் வகுப்பு இருந்தால் அங்கேயே, நான்கில் ஒரு பங்கு இடங்களை அருகில் வசிக்கும் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பள்ளி வசூலிக்கும் கட்டணம், அரசு தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செய்யும் செலவு இந்த இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும்.

2012 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் இதைப் பரிசீலித்து இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்தார்கள். தொழில் நடத்தும் 19(1)(ஜி) உரிமைக்கு இது நியாயமான கட்டுப்பாடு, நான்காம் பாகத்தின் நோக்கங்களோடு சேர்த்துப் படித்தால் செல்லும் என்றது தலைமை நீதிபதி கபாடியா தலைமையிலான பெரும்பான்மை. உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. நீதிபதி ராதாகிருஷ்ணனின் மாறுபட்ட தீர்ப்பு வேறு கேள்வி கேட்டது. அரசு தர வேண்டும் என்றுதானே 21ஏ சொல்கிறது? அரசின் கடமையை, அரசிடம் ஒரு காசும் வாங்காத பள்ளியின் தலையில் ஏற்றலாமா? 2014இல் ஐந்து நீதிபதிகளின் பிரமதி தீர்ப்பு 21ஏ, 15(5) இரண்டும் செல்லும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கான விலக்கை உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரித்தது. அந்த விலக்கு இவ்வளவு அகலமாக இருக்கலாமா என்று 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு வழிவிட்டிருக்கிறது. கதை முடியவில்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பே எனக்கு உடன்பாடானது. ஆனால் ராதாகிருஷ்ணனின் கேள்வியை ஒதுக்கிவிட்டு அந்த உடன்பாட்டைச் சொல்ல முடியாது. பள்ளியின் மீதான சுமை நியாயமானது என்று சொல்ல முடிவதே, திருப்பீடு வரும் என்ற எதிர்பார்ப்பில்தான். ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.க்கு நாற்பது இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து இடங்கள் சட்டப்படி போகின்றன. பள்ளிக் கட்டணம் 20,000, அரசின் கணக்கு 12,000 என்றால், ஒரு குழந்தைக்கு 8,000 வீதம் பள்ளி தாங்குகிறது. பத்துக் குழந்தைகளுக்கு 80,000. இது பள்ளியின் பங்கு, சட்டம் தெரிந்தே வைத்த பங்கு. மீதி 1,20,000 அரசின் பங்கு. அது ஓராண்டு, ஈராண்டு தாமதமானால், தாங்கவே நியாயமில்லாத தொகையையும் பள்ளி தாங்குகிறது. சட்டத்தில் அப்படி எழுதவில்லை, தாமதம் எழுதிவிடுகிறது.

தாமதம் அங்கே நிற்பதும் இல்லை. புத்தகம், சீருடை, சிறப்பு வகுப்பு என்ற பெயர்களில் அது பெற்றோரிடம் இறங்குகிறது. தொடக்கக் கல்வியைத் தொடரவும் முடிக்கவும் தடையாகும் எந்தக் கட்டணத்தையும் குழந்தையிடம் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 3(2). பெயர் எதுவானாலும் சோதனை இதுதான்: அந்தப் பணத்தைக் கட்டாவிட்டால் குழந்தை வகுப்பில் உட்கார முடியுமா? முடியாது என்றால் அது தடைசெய்யப்பட்ட வசூல். ரசீது தர மறுக்கும் வசூலை இன்னும் எளிதாக அடையாளம் காணலாம்.

நம் மாநிலத்தில் 2025இல் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாநிலம் மறுத்தது. சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2024–25க்கு வராமல் போனது 2,152 கோடி ரூபாய் என்றது தமிழ்நாடு அரசு. கல்வி உரிமைச் சட்டத்துக்கான திருப்பீட்டின் ஒன்றியப் பங்கும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. ஜூனில் பள்ளிகள் திறந்தன. இருபத்தைந்து சதவீத இடங்களுக்கான சேர்க்கை தொடங்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப்போடத் தேவையில்லை, பிரித்துக் கொடுப்பதைப் பரிசீலியுங்கள் என்று ஒன்றிய அரசிடம் சொன்னது நீதிமன்றம். ஒன்றிய நிதி வரவில்லை என்று சொல்லி உங்கள் கடமையிலிருந்து நீங்களும் விலக முடியாது என்று மாநிலத்திடம் சொன்னது. இருவருக்கும் ஒரே தீர்ப்பில் பங்கு பிரித்துக் கொடுத்த நேர்மை அதில் இருக்கிறது. ஆனாலும் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது.

அக்டோபர் என்றால் என்ன பொருள் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். கட்டணம் கட்ட முடிந்தவர்கள் ஜூனிலேயே எங்காவது சேர்த்திருப்பார்கள். கட்ட முடியாத வீட்டுக் குழந்தைக்காகத்தான் அந்தச் சட்டம். நான்கு மாதம் காத்திருக்க முடியாமல் வேறு வழி பார்த்துக்கொண்டதும் அந்தக் குழந்தைதான். ஒன்றிய அரசின் கொள்கையும் மாநிலத்தின் கொள்கையும் மோதட்டும். இருமொழிக் கொள்கைக்காகவும் கல்வி அதிகாரத்துக்காகவும் மாநிலம் வாதாடுவதில் தவறில்லை, நான் அதன் பக்கமே நிற்பவன். ஆனால் நிதிப் பொறுப்பு இரு அரசுகளுக்கும் ஒருங்கே உரியது என்று சட்டத்தின் 7ஆம் பிரிவு எழுதியிருக்கும்போது, அந்த மோதலின் பணயமாக ஒரு அடிப்படை உரிமையை வைக்க இருவருக்கும் அதிகாரமில்லை.

அரசுப் பள்ளியை வளர்க்க வேண்டிய பணத்தைத் தனியாருக்குக் கொடுப்பதா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கேள்வியில் பொருள் இருக்கிறது. அருகமைப் பள்ளியை அமைப்பதே சட்டத்தின் முதல் கட்டளை. நான்கில் ஒரு பங்கு இடம் அதற்குத் துணை. துணையைக் காட்டி முதல் கட்டளையைத் தளரவிட்டால் 45ஆம் பிரிவின் கதை மீண்டும் நடக்கும். அதற்காகத் துணையையும் மூடிவிடச் சொல்வது, இன்று நான்கு வயதாகும் குழந்தையிடம் நாளைய பள்ளிக்காகக் காத்திரு என்று சொல்வதாகும்.

இந்த இடத்தில் நீதிமன்றத்தின் வரம்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த உரிமையின் அளவு என்ன, எந்தச் சுமை நியாயம் என்று அது சொல்லலாம். பட்ஜெட்டில் தொகையை ஒதுக்கி, ஜூனுக்கு முன் பள்ளியின் வங்கிக் கணக்கில் போட்டுவிட அதனால் முடியாது. ஒரு பள்ளி ஏழைக் குழந்தையைத் தனி வரிசையில் உட்கார வைக்கிறதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் நின்று பார்க்கவும் முடியாது. தீர்ப்பு முடிந்த இடத்தில்தான் மற்றவர்களின் வேலை தொடங்குகிறது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். ஒன்றிய அரசு கல்வி உரிமைத் திருப்பீட்டை வேறு எந்தத் திட்டத்தின் நிபந்தனையோடும் கட்டாமல் தனித் தலைப்பில் விடுவிக்கட்டும். மாநில அரசு அந்தப் பங்கு வரும்வரை தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் மொத்தம் எத்தனை இடம், அதில் எத்தனை இந்தச் சட்டப்படி நிரம்பியது என்று வாசல் பலகையில் எழுதி வைக்கட்டும். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க அந்தக் குழுவுக்கு அதிகாரமுண்டு. பல ஊர்களில் அந்தப் பெற்றோர் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அழைக்கப்படுகிறார்கள்.

உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் சரி, பள்ளியில் படிக்கும் பிள்ளையே உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் சரி, அடுத்த சேர்க்கைக்கு முன் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: சென்ற ஆண்டுத் திருப்பீட்டில் நம் மாவட்டப் பள்ளிகளுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, அது எந்தத் தேதிக்குள் வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.